கம்ப்ரசர் மெதுவாக ஏறுகிறதா? புல்லி மாற்றும் முன் ஆம்ப்ஸ் பாருங்கள்

எங்கள் வாட்டர் சர்வீஸ் கடையில் இருப்பது 2 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் போட்ட ஏர் கம்ப்ரசர். காலி டேங்க் 150 பி.எஸ்.ஐ. வரை ஏற 9 நிமிடம் பிடித்தது. மோட்டார் புல்லியைப் பெரிதாக்கினால் காற்றை அழுத்தும் ஹெட் வேகமாகச் சுற்றும், காற்றும் சீக்கிரம் ஏறும். ஆனால் அந்தக் கூடுதல் வேலையைச் சுமப்பது அதே 2 எச்.பி. மோட்டார்தான்.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், இணைப்புகளில் சோப்பு நீர் தடவி லீக் பாருங்கள். பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும். இரண்டும் சரியாக இருந்தால் புல்லிக்கு வரலாம்.

கணக்கு

மோட்டார் நேம் பிளேட்டில் வேகம் நிமிடத்துக்கு 1420 சுற்று என்றும், ஃபுல் லோட் கரண்ட் 3.4 ஆம்ப்ஸ் என்றும் இருந்தது. மோட்டார் புல்லி 5 இஞ்ச், ஹெட்டின் பெரிய புல்லி 12 இஞ்ச்.

ஹெட் வேகம் = மோட்டார் வேகம் × மோட்டார் புல்லி ÷ ஹெட் புல்லி

1420 × 5 ÷ 12 = 592. மோட்டாரில் 6 இஞ்ச் போட்டால் 710 வரும். எங்கள் ஹெட்டின் பிளேட்டில் அதிகபட்சம் 700 என்று எழுதியிருந்ததால் அது அப்போதே கழிந்தது. ஐந்தரை இஞ்ச் போட்டால் 651, அதாவது 10 சதவீதம் கூடுதல். பெல்ட் பள்ளத்துக்குள் இறங்கி ஓடுவதால் உண்மை வேகம் இதைவிடச் சற்றுக் குறையும். டேக்கோமீட்டர் இருந்தால் அளந்துகொள்ளுங்கள்.

மாற்றும் முன் ஒரு அளவு

கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரே ஒரு ஃபேஸ் ஒயரை மட்டும் விடுங்கள். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். ஸ்டார்ட்டரைத் திறந்துவைத்து அளப்பதென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டேங்க் காலியாக இருக்கும்போது மோட்டாருக்குச் சுமை குறைவு. அப்போது எடுத்த ஆம்ப்ஸ் எதற்கும் உதவாது. டேங்க் நிரம்ப நிரம்ப முள் மெல்ல ஏறும். பெரும்பாலும் கட்-ஆஃப் ஆவதற்குச் சற்று முன்புதான் உச்சத்தைத் தொடும். எங்களுக்கு ஆரம்பத்தில் 2 ஆம்ப்ஸ், கடைசியில் 2.8. மூன்று ஃபேஸிலும் இப்படிப் பார்த்து எழுதி வையுங்கள்.

கம்ப்ரசரில் வேகம் எவ்வளவு கூடுகிறதோ, சுமையும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். 2.8 × 1.1 = 3.1. நேம் பிளேட்டின் 3.4-க்குள் அடங்குகிறது, சரி. (இந்தக் கணக்கை ப்ளோயருக்குப் போடாதீர்கள். அங்கே 10 சதவீத வேகத்துக்குச் சுமை 33 சதவீதம் எகிறும்.)

மாற்றுவது

மெயினை ஆஃப் செய்து ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டேங்க் காற்றையும் முழுக்க இறக்கிவிடுங்கள். பிரஷர் ஸ்விட்ச் இருப்பதால், கரண்ட் இருந்தால் கம்ப்ரசர் தானாகவே ஓடத் தொடங்கும், விரல் பெல்ட்டில் இருக்கும்போதும்.

மோட்டார் போல்ட்டுகளைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றுங்கள். புல்லியின் கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, புல்லர் போட்டு இழுங்கள்; சுத்தியலால் அடித்தால் பேரிங் போய்விடும். புதுப் புல்லி வாங்கும்போது பள்ளத்தின் எண்ணிக்கை, பெல்ட் வகை, ஷாஃப்ட் துளை மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய புல்லியைக் கடைக்குக் கையோடு கொண்டுபோவதே சுலபம்.

புல்லி பெரிதானதால் மோட்டாரைச் சுமார் 10 மில்லிமீட்டர் ஹெட் பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது. இரண்டு புல்லிகளின் முகத்திலும் நூலை இழுத்துப் பிடித்து நேர் பாருங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்கினால் போதும். பெல்ட்டை மூடும் கார்டை மாட்டிய பிறகே ஃப்யூஸைப் போடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

காலி டேங்க்கிலிருந்து கட்-ஆஃப் வரை மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எங்களுக்கு உச்சம் 3.1-ல் நின்றது. டேங்க் நிரம்ப 8 நிமிடம் 10 விநாடி. மிச்சம் ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான்!

அன்று மாலை வோல்டேஜ் 380-க்கு இறங்கியபோது இன்னொரு முறை பார்த்தேன். அதே சுமைக்கு 3.35 ஆம்ப்ஸ். 6 இஞ்ச் போட்டிருந்தால் மாலையில் மோட்டார் அளவு தாண்டியிருக்கும். அதனால் பகலில் நல்ல வோல்டேஜில் எடுத்த அளவோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஓவர்லோட் ரிலே 3.4-க்கு மேல் வைக்கப்படவில்லை என்பதையும் பாருங்கள். ட்ரிப் ஆகிறதே என்று அதைத் திருகிக் கூட்டினால், அடுத்து எரிவது காயில்தான். ஓடும்போது ட்ரிப் ஆனால் பழைய புல்லிக்கே திரும்புங்கள். ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் பெல்ட் கிறீச்சிட்டு ட்ரிப் ஆனால் புல்லியைக் குறை சொல்ல வேண்டாம். கட்-ஆஃப் ஆனதும் ‘புஸ்’ என்று காற்று விடும் அன்லோடர் வேலை செய்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். அந்தச் சத்தம் இல்லையென்றால், ஹெட்டில் அடைபட்ட காற்றைத் தள்ளிக்கொண்டே மோட்டார் கிளம்பப் பார்க்கிறது.