41 நாள் நடந்த பிறகு வந்த பூஜ்யம்: வாரக் கணக்குக்கு மாறுவது எப்படி?

தினமும் காலையில் அரை மணி நேரம் நடப்பதை ஒரு செயலியில் குறித்து வந்தேன். தொடர்ந்து 41 நாள். 42ஆம் நாள் காய்ச்சல். மறுநாள் செயலியைத் திறந்தால் 0. காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ தப்பு செய்துவிட்டது போலிருந்தது. மேலும் 12 நாள் நடக்கப் போகவே இல்லை.

தொடர் எண்ணிக்கை கடைசியாக விட்ட நாளிலிருந்து மட்டுமே எண்ணுகிறது. 42 நாளில் 41 நாள் நடந்தவருக்கும், ஒரு நாள்கூட நடக்காதவருக்கும் அது காட்டுவது அதே 0. பழக்கம் அப்படி அழிவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று கண்டார்கள்.

சரி, வாரக் கணக்குக்கு மாறுவோம். கூகுள் ஷீட்ஸ் போதும்.

1. இலக்கு: கடந்த நான்கு வாரங்களில் எத்தனை நாள் செய்தீர்கள் என்று பாருங்கள். எனக்கு 5, 3, 6, 4 என்று வந்தது. நான் 4 என்று வைத்தேன். 7 வைக்காதீர்கள், ஒரு நாள் தவறினாலே வாரம் போய்விடும், பழைய கதைதான்.

2. அட்டவணை: ஒரு வரிசைக்கு ஒரு வாரம். A2இல் திங்கள்கிழமைத் தேதி. B2 முதல் H9 வரை தேர்ந்தெடுத்து, Insert மெனுவில் Checkbox கொடுங்கள். எட்டு வாரத்துக்குக் கட்டங்கள் தயார்.

3. வாரக் கூட்டல்: I2இல் இதை எழுதி, I9 வரை கீழே இழுங்கள்.

```
=COUNTIF(B2:H2,TRUE)
```

4. எட்டு வாரப் பார்வை: K1இல் இது. இலக்கு வேறு என்றால் 4ஐ மாற்றிக்கொள்ளுங்கள்.

```
=COUNTIF(I2:I9,">=4")
```

என் எட்டு வாரங்கள்: 5, 4, 4, 1, 4, 3, 5, 4. அந்த 1, ஊரில் திருமணத்துக்குப் போன வாரம். K1 காட்டியது 6. மொத்தம் 30 நாள் நடந்திருக்கிறேன். பழைய செயலியாக இருந்தால் இதே எட்டு வாரத்தில் எத்தனையோ முறை பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கும்.

இதிலும் இரண்டு இடங்களில் தடுமாறலாம். ஒன்று, ஞாயிறன்று இரண்டு நடை போட்டு இரண்டு டிக் வைக்கத் தோன்றும். ஒரு நாளுக்கு ஒரு டிக்தான். இன்னொன்று, "தொடர்ந்து எத்தனை நல்ல வாரம்" என்று எண்ணத் தொடங்குவது. அதுவும் தொடர் எண்ணிக்கையேதான், அளவு மட்டும் பெரியது. அடுத்தடுத்து இரண்டு வாரம் இலக்குக்குக் கீழே போனால், 4ஐ 3 ஆக்குங்கள் அல்லது நடக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம், மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன மாத்திரைக்கு இந்த முறை பொருந்தாது. அதற்கு ஏழு அறை மாத்திரைப் பெட்டியும் அலாரமும்தான் சரி.