இறந்தவரின் கணக்குக் கூற்று: எந்தப் பற்று நிற்கும், எதைத் திருப்ப வேண்டும்?

கிளையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, தங்கைகளிடம் இறந்த வைப்பாளரின் கூற்றைக் கொடுத்தால், பெரும்பாலானவர்கள் இறந்த திகதியில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே உள்ள பற்று எல்லாவற்றையும் திருப்பவேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. கூற்றில் போடவேண்டியது இரண்டு கோடு. ஒன்று இறந்த நாள். மற்றது, வங்கிக்கு அது தெரியவந்த நேரம்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுப்போம். கொக்குவிலில் ஓய்வூதியம் பெற்று வந்த ஓர் ஆசிரியர், சேமிப்புக் கணக்கு, ஏ.ரி.எம். அட்டையும் உண்டு. 2025 மார்ச் 14 அன்று இறந்தார். மகள் மரணச் சான்றிதழுடன் கிளைக்கு வந்தது மார்ச் 24, காலை 10.40 மணிக்கு.

முதலில் இரண்டாவது கோட்டை உறுதிப்படுத்துங்கள். மகள் கொடுத்த கடிதத்தில் கிளை முத்திரையில் திகதி மட்டும்தான் இருக்கும், நேரம் இருக்காது. அதனால் கடிதத்தை வாங்கும்போதே முத்திரைக்குப் பக்கத்தில் பேனையால் நேரத்தை எழுதி, கையொப்பம் வையுங்கள். இதற்கு முன் யாராவது தொலைபேசியில் சொன்னார்களா, கவுன்ரரில் யாருக்காவது தெரியுமா என்றும் விசாரியுங்கள். ஒருவர் சொல்லி, வங்கி அதைப் பதிந்திருந்தால், கோடு அந்த நேரத்துக்கு மேலே ஏறிவிடும்.

அப்புறம் கூற்றுக்கு வாருங்கள். இறந்த நாளுக்குப் பிறகு ஆறு பற்றுகள் இருக்கின்றன.

மார்ச் 17இல் மருந்துக்கடைக்கு 6,480 ரூபா. பார்த்தவுடன் திருப்பத் தோன்றும். ஆனால் அந்த வரியைத் திறந்து பாருங்கள்: அட்டையைத் தேய்த்த நாள் மார்ச் 13. கணக்கில் பதிந்த நாள்தான் 17. ஐயா உயிரோடு இருக்கும்போது வாங்கிய மருந்து அது, பற்று நிற்கும். அட்டைக் கொள்வனவுகளில் எப்போதும் பரிவர்த்தனைத் திகதியையே பாருங்கள், பதிவுத் திகதியை அல்ல.

மார்ச் 15இல் ஏ.ரி.எம்.மில் 40,000 ரூபா. மார்ச் 24 காலை 9.05க்கு மறுபடி 20,000. இரண்டும் இறந்த பிறகுதான், ஆனால் இரண்டும் 10.40க்கு முன்பு. சரியான இரகசிய எண்ணுடன் அட்டை வந்தபோது, வங்கிக்கு எதுவும் தெரியாது. இது வங்கியின் தவறு இல்லை, எனவே வங்கி தன் பணத்திலிருந்து திருப்பிக் கொடுப்பதில்லை. அதற்காக இவற்றை மறைக்கவும் கூடாது. மரணச் செலவுக்கு எடுத்ததாகப் பிள்ளைகள் சொல்லலாம், உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் அது உரித்தாளிகள் எல்லோருக்கும் உரிய பணம். எங்கள் ஊரில் தேசவழமைப்படி தேடிய தேட்டத்தில் வாழ்க்கைத் துணைக்கும் பங்கு உண்டு என்பதால், ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியவேண்டும். இந்த 60,000ஐத் தனியாகக் குறித்து, இறந்த நாளின் மீதிக்குப் பக்கத்தில் காட்டுங்கள். யார் எடுத்தார் என்று நீங்கள் எழுதவேண்டாம், திகதியும் நேரமும் இயந்திரம் இருந்த இடமும் போதும்.

மார்ச் 25இல் கோயிலுக்கு ஸ்டாண்டிங் ஓர்டர் 2,000. மார்ச் 26இல் ஏ.ரி.எம்.மில் 15,000. இவைதான் திருப்பவேண்டியவை. வங்கிக்குத் தெரிந்த அடுத்த நிமிடமே அட்டையையும் ஓர்டரையும் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. கோயில் கணக்கிலிருந்து மீளப் பெறமுடியுமா, 15,000ஐ எடுத்தவரிடம் கேட்கமுடியுமா என்பது கிளையின் பாடு. அதை முடிக்கும்வரை வைப்பாளரின் கணக்கைக் காக்கவைக்கக் கூடாது.

ஆறாவது ஏப்ரல் 22. ஓய்வூதியம் 52,300 ரூபா மீளப்பெறப்பட்டிருக்கிறது. இறந்து ஐந்து வாரத்துக்கும் மேலாகிவிட்டது, வங்கிக்கும் தெரியும், அப்படியிருந்தும் இது செல்லுபடியான பற்று. ஏப்ரலில் வந்த 52,300, இறந்தவருக்கு வந்திருக்கவே கூடாத வரவு. வந்த பணம் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வரவையும் இந்தப் பற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொகை ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆக, ஒரே கோட்டைப் போட்டவர் 135,780 ரூபாவைத் திருப்பச் சொல்லியிருப்பார். திருப்பவேண்டியது 17,000தான்.

திருப்பும்போது பழைய வரியை அழிக்காதீர்கள், கூற்றில் அது அப்படியே இருக்கவேண்டும். தனி வரவாகப் போட்டு, விவரத்தில் இப்படி எழுதுங்கள்:

```
REV SO 25/03/2025
REV ATM 26/03/2025
```

சேமிப்புக் கணக்கில் வட்டி நாளாந்த மீதியில் கணக்கிடப்படுகிறது. ஆகவே இந்த இரண்டு வரவுகளுக்கும் பெறுமதித் திகதியாக நீங்கள் பதியும் நாளைப் போடாமல், மூலப் பற்று நடந்த மார்ச் 25ஐயும் 26ஐயும் போடுங்கள். இல்லாவிட்டால் இடைப்பட்ட நாட்களின் வட்டி அந்தக் குடும்பத்துக்குக் குறைந்துபோகும்.