இருபத்தேழாவதாக வந்த விதி: பாதுகாப்பு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில், புதிதாகச் சேர்ந்த சேஃப்டி ஆபீசர் வகுப்பு எடுப்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் 38 விதிகள். தம்பி ஒன்று விடாமல் வாசித்தார். கழிவுநீர்த் தொட்டிக்குள் யாராவது மயங்கி விழுந்தால் பின்னாலேயே இறங்கக் கூடாது என்பது 27-வது விதி. அதற்கு முந்தையது, தரையில் எண்ணெய் சிந்தினால் துடைக்க வேண்டும். பிந்தையது, வேலை நேரத்தில் செல்போன் கூடாது. மூன்றையும் ஒரே குரலில் படித்தார்.

என் முதல் வருட வகுப்பும் அச்சு அசல் இப்படித்தான். என்னுடையதில் 41 விதிகள்.

எழுத்து சிறிதாக இருந்தது, மைக் கரகரத்தது போன்றவை இரண்டாவது வகுப்பில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லா விதிக்கும் ஒரே எடை

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

அந்த 41 விதி வகுப்பு முடிந்து மூன்றாவது வாரம், திங்கள்கிழமை காலை. ஞாயிறு லீவு என்பதால் தொட்டியில் காற்று செலுத்தும் ப்ளோயரை நிறுத்தியிருந்தார்கள். தண்ணீரை இறைத்துவிட்டு அடியில் தங்கிய கசடை வழிக்க ஒருவர் ஏணியில் இறங்கினார். சாயக் கழிவில் கிளாபர் உப்பின் சல்பேட் இருக்கும். காற்று இல்லாமல் கிடக்கும் கசடில் நுண்ணுயிரிகள் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயுவாக மாற்றிவிடும். கசடு சும்மா கிடக்கும்வரை வாயு உள்ளேயே அடங்கியிருக்கும். மண்வெட்டி பட்டதும் மொத்தமாக வெளியே வரும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும்.

இறங்கியவர் சில நிமிடங்களில் முட்டி போட்டுச் சரிந்தார். மேலே நின்றவர் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஏணியில் கால் வைத்தார். எலெக்ட்ரீஷியன் அவர் சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப்போட்டார். ப்ளோயர் குழாயை அடிவரை விட்டுக் காற்றடித்தார்கள். மூச்சுக்கருவியோடு தீயணைப்பு வீரர்கள் வந்து தூக்கினார்கள். விழுந்தவர் பிழைத்துவிட்டார். அவர் முகம் விழுந்த இடத்தில் ஒரு குழாயிலிருந்து வெளிக்காற்று கசிந்துகொண்டிருந்தது. அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

செருப்பை வீசியவரை மறுநாள் கேட்டேன். “வகுப்புல சொன்னேனே?”

“சொல்லியிருப்பீங்க சார். ஆனா உள்ள கிடந்தது என் மச்சான்.”

வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து அழகாக இருந்தது. அப்புறம் மற்ற தொழிலாளர்களிடம், வகுப்பில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று தனித்தனியே விசாரித்தேன். செல்போன், ஹெல்மெட், புகைபிடிக்கக் கூடாது. தொட்டியை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பட்டியலில் எது ஆளைக் கொல்லும், எது சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கித் தரும் என்று நான்தான் பிரித்துக் காட்டவில்லையே!

இப்போது ஒவ்வொரு விதியையும் இரண்டு கேள்விகளால் சலிக்கிறேன். ஒரே ஒரு தடவை மீறினாலும் உயிர் போகுமா? அந்த நேரத்தில் மனுஷ சுபாவம் இதற்கு எதிராக இழுக்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் அது வகுப்புக்கு வரும். ஹெல்மெட்டைத் தினமும் சூப்பர்வைசர் பார்த்துக்கொள்கிறார், அதற்கு என் ஒரு மணி நேரம் வேண்டாம். விழுந்த மச்சானைப் பார்த்தும் இறங்காமல் நிற்பது சுபாவத்துக்கே விரோதமானது. உழைப்பு முழுவதும் அங்கேதான் வேண்டும். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1986-லேயே எழுதியது: இப்படி அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள்.

மீதி 30 சொச்சம் விதிகள் கையேட்டில் இருக்கின்றன. ஆடிட்டுக்கு அது போதும்.

“கூடாது” என்று சொல்லிவிட்டுக் கையைச் சும்மா விடுவது

பதறும் நேரத்தில் “இறங்காதே” என்ற சொல் மட்டும் ஆளை நிறுத்தாது. கைக்கு வேறு வேலை இருந்தால்தான் கால் நிற்கும்.

அதனால் வகுப்பை ஹாலிலிருந்து, இன்னும் கழிவுநீர் விடாத ஒரு புதுத் தொட்டியின் விளிம்புக்கு மாற்றினேன். மேலே மூன்று கால் தாங்கியும், கைப்பிடியால் கயிற்றைச் சுற்றித் தூக்கும் வின்ச்சும். 50 கிலோ மணல் மூட்டைக்கு ஹார்னஸ் மாட்டி, கயிறோடு உள்ளே இறக்குவேன். “ஆள் விழுந்துட்டார், என்ன செய்வீங்க?” என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்பேன். பாதிப் பேர் “இறங்குவேன்” என்பார்கள். நான் திட்டுவதில்லை. “சரி, நீங்களும் விழுந்துட்டீங்க” என்று அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அடுத்தவரைக் கேட்பேன். மூன்று பேர் உட்கார்ந்த பிறகு நான்காமவர் வின்ச்சைப் பார்ப்பார். கைப்பிடியைச் சுற்றினால் மூட்டை மேலே வந்துவிடும். ஒவ்வொருவரும் ஒரு தடவை சுற்றியாக வேண்டும்.

அடுத்து இரண்டாவது மூட்டை, கயிறே இல்லாமல் உள்ளே விழும். இப்போது எல்லோரும் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: “இறங்கறதுக்கு முன்னாலயே கட்டியிருக்கணும்.” அந்த வாக்கியத்தை நான் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். அது அவர்கள் வாயிலிருந்து வந்தால்தான் நிற்கிறது. (மூட்டையைப் பிறகு நீளக் கொக்கி போட்டு எடுத்துவிடுவோம். யாரும் இறங்குவதில்லை.)

கயிறு என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மூச்சுக்கருவி போட்டு இறங்குபவரின் பெல்ட்டில் கயிறு கட்டி, மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவே சொன்னது. அந்த வாசகத்தை வருடக்கணக்கில் படித்துக் காட்டினேன். ஒரு மணல் மூட்டை செய்ததை அது செய்யவில்லை.

காரணத்தைப் பாதியில் நிறுத்துவது

“விஷவாயு இருக்கும்” என்றால் “மோந்து பார்த்தோம் சார், நாத்தமே இல்ல” என்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் கொஞ்சம் வாயு இருக்கும்போதுதான் தெரியும். 100 பிபிஎம் அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துவிடும். அதனால் நாற்றம் குறைந்தால் வாயு கூடியிருக்கலாம். இந்த ஒரு தகவலைச் சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு எழும். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்வது இதைத்தான். கேஸ் மீட்டர் ஏன் கேட்கிறோம், கசடைக் கிளறும்போதும் அது ஏன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதெல்லாம் இதன் பின்னாலேயே தானாக வந்துவிடும்.

தமிழில் மட்டும் பேசுவது

தொட்டி வேலையில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். மொழிபெயர்க்க ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

“புரிஞ்சுதா?”

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்ன ஆளை நான் பார்த்ததே இல்லை. கேட்காதீர்கள்.

கோரமான படங்கள்

தலையைக் குனிந்துகொள்வார்கள். அடுத்த பத்து நிமிடம் நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

சோதனையை வகுப்பிலேயே முடித்துவிடுவது

வகுப்பு முடிந்த கையோடு கேட்டால் எல்லோரும் நூற்றுக்கு நூறு. மூன்று வாரம் கழித்து, டீ நேரத்தில், சம்பந்தமே இல்லாமல் கேட்க வேண்டும்: “தொட்டியில ஒருத்தர் விழுந்துட்டா?” முதலில் வாயில் என்ன வருகிறதோ அதுதான் மார்க். போன தடவை பத்துப் பேரைக் கேட்டேன். ஏழு பேர் கயிறு, வின்ச் என்றார்கள். அதில் ஓர் ஒடியாப் பையன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றுவது போலக் காற்றில் சுற்றிக் காட்டினான். மற்ற மூவரும் “இறங்கித் தூக்குவேன்” என்றார்கள். அந்த மூவரின் பெயரைத் தொட்டி வேலை பெர்மிட்டில் எழுத வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, அடுத்த நாளே மணல் மூட்டையோடு அவர்களைத் திரும்பக் கூப்பிட்டேன்.