கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள்

அன்புள்ள டீச்சருக்கு,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் வழக்கம்போலச் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வாசிப்பு வகுப்புக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த மூன்று பேரின் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னீர்கள். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். நான்கு ஞாயிறுகள் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். கண்ணாடியை மறந்து வருவது, லகரத்தையும் ளகரத்தையும் மாற்றிச் சொல்வது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அவற்றை நான் எழுதவில்லை. பேப்பர் படிக்கத் தொடங்கியபோது என்னை உண்மையில் தடுத்தவற்றை மட்டும் எழுதுகிறேன். இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

நான் அப்படித்தான் ஐந்து மாதம் காத்திருந்தேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. உயிர்மெய் 216 என்று சுவரில் தொங்கும் அட்டையைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்தேன். ஙகர வரிசையை மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போனது. அந்த வரிசையில் 'ங்' தவிர மற்ற எழுத்துகளை நான் பேப்பரில் அநேகமாகப் பார்த்ததே இல்லை. கால், கொம்பு, சுழி, விசிறி ஆகிய குறிகள் பிடிபட்டால் உயிர்மெய்யைத் தனித்தனியாகப் படிக்கத் தேவையில்லை. புதியவர்களின் கையில் இன்றே ஒரு பேப்பரைக் கொடுங்கள். கிழமையின் பெயரை மட்டும் தேடட்டும்.

பழைய எழுத்தைத் தேடாதீர்கள்

இது தோட்டப் பள்ளியில் ஓரிரு ஆண்டு படித்துவிட்டு நின்றவர்களுக்கு. கெடாவில் எங்கள் தோட்டத்துப் பள்ளியில் நான் இரண்டாம் ஆண்டு வரை போனேன். அதன்பின் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய்விட்டேன். 1960களில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்தில் 'லை', 'ளை', 'ணை', 'னை' நான்கும் வேறு வடிவம். எழுத்துக்கு முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு தூக்கி நிற்கும். 'ணா', 'றா', 'னா' மூன்றும் கால் இல்லாமல் கீழே சுழித்து முடியும். தமிழ்நாட்டில் 1978இல் அரசாணை வந்து இவற்றை மாற்றினார்கள். பிறகு இங்கே மலேசியாவில் உள்ள அச்சிலும் மாறிவிட்டது.

எனக்கு அது தெரியாது. 'விலை' என்ற சொல்லைப் பார்த்தால் நடுவில் இருக்கும் இரட்டைச் சுழி யாருக்குச் சொந்தம் என்று குழம்புவேன். மறந்துவிட்டோம், மூளை மழுங்கிவிட்டது என்றே நினைத்தேன். நீங்கள் ஒரு தாளில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிய அன்றுதான், நான் எதையும் மறக்கவில்லை, எழுத்துதான் மாறியிருக்கிறது என்று தெரிந்தது. புதிய மூவரில் நீலச் சட்டைப் பெரியவர் அதே இடத்தில் நிற்கிறார். அவருக்கும் அந்தத் தாளை எழுதிக் கொடுங்கள்.

விரலை எடுக்க அவசரப்படாதீர்கள்

எழுத்தின் கீழே விரலை ஓராண்டு வைத்துப் படித்தாலும் தவறில்லை.

கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள்

டீச்சர், இந்தக் கடிதமே இதற்காகத்தான். போன ஞாயிறு அந்தப் பெரியவர் பேப்பரில் வந்த ஓர் அறிவிப்பைப் படித்தார். 'பதிவு' என்று படித்தார், 'செய்' என்று படித்தார், உடனே நிமிர்ந்து, "பதிவு செய்தவர்கள் வரவேண்டுமாம்" என்றார். அச்சில் இருந்தது 'பதிவு செய்யாதவர்கள்'. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் கோபமில்லை. என் பழைய தவறு அவர் வாயிலிருந்து கேட்டதுதான் காரணம்.

நான் செய்ததை வகுப்பில் யாருக்கும் சொன்னதில்லை. பேப்பர் படிக்கத் தொடங்கிய மூன்றாவது மாதம். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டே பேப்பரை விரிப்பேன். என்னிடம் செய்தி கேட்க இரண்டு பேர் வந்து உட்காருவார்கள். சிறு வயதில் எங்கள் லயத்தில் ஒருவர் 'தமிழ் நேசன்' படிக்க, அப்பாவும் மற்றவர்களும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார்கள். அந்த இடத்தில் இப்போது நான் இருக்கிறேன் என்ற நினைப்பே காலை முழுவதும் போதுமானதாக இருந்தது.

அன்று ஒரு பத்தியில் இந்த வாக்கியம் இருந்தது. இன்றும் மறக்கவில்லை.

'ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெயின் விலை அடுத்த மாதம் உயர்த்தப்படும் என்று பரவி வரும் தகவலில் உண்மையில்லை என அமைச்சு தெரிவித்தது.'

நான் 'உயர்த்தப்படும்' வரை படித்தேன். அதற்கே மூச்சு வாங்கியது. அத்துடன் நிமிர்ந்து, "எண்ணெய் விலை ஏறப்போகிறது" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டம்மா வடை சுட்டு விற்பவர், கணவர் இல்லை. நம்பிவிட்டார். 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெயை நான்கு கடை ஏறி இறங்கி 20 பாக்கெட் வாங்கினார். 50 வெள்ளி. அது மின்கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம். அடுத்த மாதம் விலை ஏறவில்லை. அவர் வீட்டு மூலையில் இரண்டு பாக்கெட் ஓட்டையாகித் தரையெல்லாம் எண்ணெய். அந்த 50 வெள்ளியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். "பேப்பரில் போட்டது பொய் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றார். பேப்பர் பொய் சொல்லவில்லை, நான்தான் பாதியில் நிறுத்தினேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இது ஏன் நடக்கிறது என்று பிறகு உங்களிடம் கேட்டேன். நீங்கள் விளக்கியதையும் நானே கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தமிழில் ஆம், இல்லை என்பது சொல்லின் வாலில் இருக்கிறது. 'உயர்த்தப்படும்', 'உயர்த்தப்படாது' இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் ஒன்பது எழுத்து. முதல் ஏழும் ஒன்றே. கடைசி இரண்டு மட்டும் வேறு: அங்கே 'டும்', இங்கே 'டாது'. மெதுவாகப் படிப்பவர் ஏழு எழுத்தைக் கடந்து வருவதற்குள் களைத்துவிடுகிறார். மீதியை வாய் தானாக முடித்துவிடுகிறது. வாய்க்குப் பழகியது எப்போதும் 'ஆம்' பக்கம்தான். 'கிடைக்கும்', 'கிடைக்காது' சொற்களிலும் இதே ஆபத்து. தலைப்புகளில் இன்னும் மோசம். 'உயர்கிறது' என்றால் செய்தி, 'உயர்கிறதா?' என்றால் கேள்வி.

பேப்பரின் பத்தி ஒடுக்கமானது. நீண்ட சொல் ஒரு வரியில் இடம் கொள்ளாமல் 'உயர்த்தப்ப' என்று நின்று, 'டாது' அடுத்த வரிக்குப் போய்விடும். இடையில் கோடு எதுவும் போட மாட்டார்கள். வரி முடிந்தால் சொல்லும் முடிந்தது என்று புதியவர் நினைக்கிறார். வரியின் ஓரத்தில் நிற்கும் சொல்லுக்குப் பொருள் வரவில்லையென்றால், கீழ் வரியின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது 'என்று', 'என்ற', 'என' ஆகிய மூன்று சொற்கள். அவை வந்தால் செய்தி முடியவில்லை என்று பொருள். முன்னால் படித்தது யாரோ சொன்னது, யாரோ பரப்பியது. அது மெய்யா பொய்யா என்பது பின்னால்தான் வரும்: கூறினார், கோரினார், மறுத்தார், எச்சரித்தார். 'உயர்த்தப்படும் என்று கூறினார்' என்பதற்கும் 'உயர்த்தப்படும் என்ற தகவலை மறுத்தார்' என்பதற்கும் நடுவில் 50 வெள்ளி இருக்கிறது.

இப்போது நான் இப்படிப் படிக்கிறேன். பென்சிலால் முதலில் முற்றுப்புள்ளியைத் தேடி, அதற்கு முன்னால் இருக்கும் சொல்லை வட்டமிடுகிறேன். அந்த எண்ணெய் வாக்கியத்தில் அது 'தெரிவித்தது'. யார் தெரிவித்தது? அமைச்சு. என்ன தெரிவித்தது? 'என' என்பதற்கு முன்னால் பார்க்கிறேன்: 'உண்மையில்லை'. எதில் உண்மையில்லை? 'தகவலில்'. என்ன தகவல்? விலை உயர்த்தப்படும் என்ற தகவல். நான்கு கேள்வி, நான்கு விடை. அதன்பின் முதலிலிருந்து ஒரே மூச்சில் படிக்கிறேன். கடைசிச் சொல்லை மட்டும் பார்த்தாலும் போதாது என்பதைக் கவனியுங்கள். 'தெரிவித்தது' என்பதிலிருந்து எதுவும் புரியாது. அங்கிருந்து பின்னோக்கி 'என' வரை நடக்க வேண்டும்.

புதியவர்களுக்கு இதை ஒரு வாக்கியத்தில் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். ஆகட்டும். ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும். வேகமாகப் படிக்கச் சொல்லி அவர்களை யாரும் விரட்டாதீர்கள், டீச்சர். நீங்களும்தான்.

அரசியல் பக்கத்தில் தொடங்காதீர்கள்

பெரிய தலைப்பு இருக்கிறதென்று எல்லாரும் முதல் பக்கத்தில் மோதுகிறார்கள். நான் தேறியது மரண அறிவித்தல் பக்கத்தில். அங்கே ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும்: பெயர், வயது, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இறுதிச் சடங்கு நடக்கும் நாள், நேரம், இடம், பிறகு கருமக்கிரியை. பத்து அறிவித்தல் படித்தால் பதினொன்றாவதில் எங்கே எது இருக்கும் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். வாக்கியமும் நம்மை ஏமாற்றாது.

என் நாள் மாறியது அந்தப் பக்கத்தால்தான். முன்பெல்லாம் தோட்டத்தில் கூட இருந்தவர்கள் போய்ச் சேர்ந்த செய்தி எனக்கு மாதக்கணக்கில் கழித்து, எங்கேயாவது கல்யாண வீட்டில்தான் தெரியும். முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டோமே என்று வீடு திரும்புவேன். போன ஆண்டு ஒரு நாள், பினாங்குத் தீவுக்கு மருந்து வாங்கப் போகையில், ஃபெரியில் அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டுக்காரர், என்னோடு ஒரே நிரையில் மரம் சீவியவர். படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டேன். பெயரில் விரல் வைத்துப் படித்தேன், அவரேதான். இறுதிச் சடங்கு அன்று பிற்பகல் 2 மணி, சுங்கைப் பட்டாணி. தீவில் இறங்கவில்லை. அதே ஃபெரியில் திரும்பி வந்து பஸ் ஏறினேன். எடுக்கும் முன் போய்ச் சேர்ந்தேன். அவருடைய மகன், "யார் சொன்னார்கள் உங்களுக்கு?" என்று கேட்டார். பேப்பரில் படித்தேன் என்றேன்.

தெரியாத சொல்லுக்காக நிற்காதீர்கள்

கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். ஞாயிறு கேட்டுக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டம்மா இப்போதும் காலையில் வடைத் தட்டோடு வருவார். நான் செய்தி படிக்கும்போது எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிற்பார். இடையில் எங்கேயாவது நான் மூச்சு வாங்கினால், "அண்ணே, முற்றுப்புள்ளி வந்துவிட்டதா?" என்று கேட்பார். வந்த பிறகுதான் சட்டியை மீண்டும் அடுப்பில் ஏற்றுவார்.

அன்புடன்,
கடைசி வரிசை மாணவன்