1100 சொற்களை 500 ஆக்கும்போது எந்த அனுபவத்தை வைப்பது, எதை எடுப்பது?

வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்குப் பர்சனல் ஸ்டேட்மென்ட் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. முதல் வரைவு கையில் இருக்கிறது, அது வரம்பைவிட இரண்டு மடங்கு நீளம், எதைத் தொட்டாலும் மனம் வரவில்லை என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன். நான் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடைக் கிராமத்தில் வளர்ந்து, சிவில் இன்ஜினியரிங் முடித்து, நிலத்தடி நீரியல் முதுகலைக்கு விண்ணப்பித்தவன். என் வரைவையே உதாரணமாக வைத்து விளக்குகிறேன்.

முதலில் வரம்பையும் கேள்வியையும் பாருங்கள்

பிரிட்டனுக்கு 4000 எழுத்து வரம்பு என்று பலர் சொல்வார்கள். அது யுகாஸ் வழியாக இளங்கலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு உரியது. முதுகலையில் பெரும்பாலும் பல்கலைக்கழகமே, சில இடங்களில் துறையே, தன் வரம்பைச் சொல்கிறது. அதைத் துறையின் பக்கத்தில் படித்துக்கொள்ளுங்கள். சொல் எண்ணிக்கையா, எழுத்து எண்ணிக்கையா என்பதையும் பாருங்கள். எழுத்து என்றால் பெரும்பாலும் இடைவெளிகளும் கணக்கில் சேரும்.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் இரண்டு கட்டுரைகள் கேட்கும். பெர்க்லி அப்படித்தான்: படிப்பின் நோக்கத்துக்கு ஒன்று, வாழ்க்கைப் பின்னணிக்கு ஒன்று. அங்கே குடும்பக் கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, இரண்டாவது கட்டுரைக்கு நகர்த்தினால் போதும். ஒரே கட்டுரை கேட்கும் இடத்துக்குத்தான் கீழே சொல்லும் வேலை தேவைப்படுகிறது.

ஒரு அனுபவத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு

கணினித் திரையில் இதைச் செய்யாதீர்கள். திரையில் பத்தியைப் பார்த்தால் வாக்கியத்தை மெருகேற்றத்தான் கை போகும். வரைவை அச்செடுத்து, ஒவ்வொரு அனுபவத்துக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். சீட்டில் ஒரே வாக்கியம்: நான் என்ன செய்தேன்.

என்னுடைய சீட்டுகள் இவை: பள்ளியில் மாவட்ட அளவில் வாங்கிய அறிவியல் பரிசு, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், கஜா புயல் நிவாரணம், நீர்வள அலுவலகத்தில் பயிற்சி, கடைசி வருடத்தில் கிணறுகளின் உப்பை அளந்த புராஜெக்ட், சென்னையில் மென்பொருள் வேலை, அப்பாவின் நிலம், பாசன விவசாயிகளின் கூட்டங்களில் கணக்கு எழுதியது.

இப்போது சிவி, மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு சீட்டில் இருப்பதை அவற்றில் ஒன்று ஏற்கெனவே முழுதாகச் சொல்லிவிட்டால் அந்தச் சீட்டு வெளியே. பள்ளிப் பரிசு இப்படித்தான் போனது. சிவியில் ஒரு வரியாக இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல அதில் எதுவும் இல்லை.

அடுத்து வினைச்சொல்லைப் பாருங்கள். நீர்வள அலுவலகச் சீட்டில் நான் எழுதியிருந்தது 'பார்வையிட்டேன், தெரிந்துகொண்டேன், கலந்துகொண்டேன்'. மதகைத் திறந்தது, அளவுகோலைப் படித்தது, பதிவேட்டில் எழுதியது எல்லாம் மற்றவர்கள். அலுவலகத்தின் பெயர் கனமானது என்பதற்காக அதை வைத்திருக்க மனம் அடித்துக்கொள்ளும். எடுத்துவிடுங்கள். முகாமும் அதே காரணத்தால் போனது.

கஜாவா, கிணறா?

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது, அதனால் நிதானமாகப் போகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்தது. தென்னந்தோப்புகள் ஒரே இரவில் தரையில் கிடந்தன. நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கி, அரிசியும் தார்ப்பாயும் பிரித்துக் கொடுத்தோம். வரைவில் இதற்கு 260 சொற்கள். படித்தவர்கள் எல்லாரும் 'இதுதான் உன் கட்டுரையின் உயிர், இதைத் தொடாதே' என்றார்கள்.

கிணற்றுப் பத்தி 90 சொற்கள்தான். படித்த யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டையும் எதிரெதிரே வைத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதல் கேள்வி: இந்தப் பத்தியை ஒரு சொல்கூட மாற்றாமல் வேறு படிப்புக்கு அனுப்ப முடியுமா? புயல் பத்தியைச் சமூகப் பணிக்கு அனுப்பலாம், பொதுச் சுகாதாரத்துக்கு அனுப்பலாம், பத்திரிகையியலுக்கும் அனுப்பலாம். இரண்டாவது கேள்வி: அந்தத் துறையின் ஆசிரியர் இதைப் படித்துவிட்டு என்னிடம் தொழில் சார்ந்த ஒரு கேள்வி கேட்க முடியுமா? புயலைப் பற்றி அவர் வருத்தம் தெரிவிக்கலாம். கிணற்றைப் பற்றி அவரால் அரை மணி நேரம் கேட்க முடியும்.

கிணற்றில் நடந்தது இதுதான். எங்கள் பகுதிக் கிணறுகளில் வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை நாடாவால் அளந்து, ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, ஈ.சி. மீட்டரில் உப்பின் அளவைப் பார்த்தேன். வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்ததும், வாய்க்காலை ஒட்டிய கிணற்றில் உப்பு குறையும் என்று எதிர்பார்த்தேன். அதில் அப்படியே நின்றது. தள்ளியிருந்த கிணற்றில் குறைந்தது. மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று 1413 மைக்ரோசீமென்ஸ் திட்டக் கரைசலில் முனையைக் கழுவி வைத்துப் பார்த்தேன். மீட்டர் சரியாகவே காட்டியது. பிறகுதான் மண்ணைக் கவனித்தேன்: அருகிலிருந்த கிணறு கெட்டிக் களிமண்ணில், தள்ளியிருந்தது மணல் திட்டில். வாய்க்கால் நீர் எந்த வழியாக, எவ்வளவு காலத்தில் நிலத்தடிக்குப் போகிறது என்று கணக்கிட எனக்குத் தெரியவில்லை. நான் விண்ணப்பித்த படிப்பில் நிலத்தடி நீரோட்ட மாதிரியாக்கம் ஒரு முழுப் பாடம்.

ஓர் எதிர்பார்ப்பு, அது பொய்த்தது, கருவியைச் சோதித்தது, புதிய காரணம் தேடியது, தெரியாத இடத்தில் வந்து நின்றது. இந்த வரிசை இருக்கிற அனுபவம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தங்க வேண்டும். வரைவின் 90 சொற்களில் இதில் பாதி இல்லை. 'கிணறுகளின் நீர்த்தரத்தை ஆய்வு செய்தேன்' என்று தட்டையாக இருந்தது. அதனால்தான் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு அனுபவத்தை எடைபோடும் முன் வரைவில் உள்ள பத்தியைப் பார்க்காதீர்கள், நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

கஜாவை முழுதாக எடுக்கவும் வேண்டியதில்லை. வைப்பது, எடுப்பது என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி உண்டு: காரணமாகச் சுருக்குவது. 260 சொற்கள் ஒரே வாக்கியமாயின. '2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் தெருக் குழாயடித் தண்ணீர் உப்புக் கரித்ததால்தான் கிணறுகளை அளக்கத் தொடங்கினேன்.' புயல் இப்போது கிணற்றுக்கு வாசல். நிவாரணப் பணி கட்டுரையில் இல்லை. அதில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை, ஆனால் இந்தப் படிப்புக்கு அது சாட்சி ஆகாது.

அப்பாவின் நிலம், சென்னை வேலை

நம் பக்கத்துக் கட்டுரைகளில் பாதி, நெற்களஞ்சியத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தேன் என்றுதான் தொடங்குகின்றன. சிலர் கரிகாலனையும் கல்லணையையும் முதல் பத்தியிலேயே கொண்டுவந்துவிடுகிறார்கள். கல்லணை எனக்கும் பிரியமான இடம். ஆனாலும் அது நாம் செய்த வேலை இல்லை. வெளிநாட்டு ஆசிரியருக்குத் தேவைப்படும் இடவிவரம் ஒன்றே: மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்கள் எங்களுடையவை, கடலும் பக்கத்தில். இதைச் சொல்லாவிட்டால் கிணற்றுக் கதை அவருக்குப் புரியாது, அதனால் இந்த ஒரு வாக்கியம் தங்கியது.

சென்னை வேலையை எடுத்துவிடத்தான் பலர் நினைக்கிறார்கள், துறை வேறு என்பதால். நான் வைக்கச் சொல்வேன். படிப்புக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவில் இருந்த காலத்தை அது விளக்குகிறது. அங்கே ஓட்டை விழுந்த தரவுகளைப் பைத்தானில் சரிசெய்தது, மாதிரியாக்கப் பாடத்துக்கு நேரடியாக உதவும். இரண்டு வாக்கியம் போதும். நிறுவனத்தின் பெருமைகளைச் சொல்ல வேண்டாம்.

முடிவில் என் 500 சொற்கள் ஏறக்குறைய இப்படிப் பிரிந்தன: இடமும் காரணமும் 60, கிணறு 210, வேலை 50, அந்தப் படிப்பில் எந்தப் பாடம் ஏன் என்பது 130, படித்த பிறகு என்ன செய்வேன் என்பது 50.

ஒட்டுப் போட்ட இடங்கள்

அனுபவங்களை எடுத்த பிறகு அவற்றைச் சுட்டிய சொற்கள் அநாதையாக நிற்கும். 'அந்த முகாமில் கற்றதுபோலவே' என்று ஒரு வரி இருக்கும், முகாமே இருக்காது. திரையில் இது கண்ணில் படாது. அச்செடுத்து, சத்தமாக வாசியுங்கள். கட்டுரையை இதுவரை பார்க்காத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

எண்ணிக்கைக்கு நான் கூகுள் டாக்ஸைத்தான் நம்புகிறேன். `Ctrl+Shift+C` அழுத்தினால் சொல், எழுத்து இரண்டையும் காட்டும். விண்ணப்பப் பெட்டியில் ஒட்டும் முன் நோட்பேடில் ஒருமுறை ஒட்டி எடுங்கள், வடிவமைப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். சேமித்த பின் விண்ணப்பத்தின் முன்னோட்டத்தைத் திறந்து, கடைசி வாக்கியம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகள் வரம்பைத் தாண்டியதைச் சொல்லாமலே வெட்டிவிடும்.

பின்சேர்க்கை 1

அரியர் வைத்திருந்ததைப் பற்றி எழுத வேண்டுமா என்று மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மதிப்பெண் பட்டியலில் தெரிகிறது, அதற்கு உடல்நலம் போன்ற காரணமும் இருக்கிறது என்றால், கூடுதல் தகவலுக்கு விண்ணப்பத்தில் தனிப் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அங்கே எழுதுங்கள். இல்லையென்றால் கட்டுரையின் பின்பாதியில் ஒரு வாக்கியம், உடனே அதன் பிறகு அதே பாடத்தில் எடுத்த நல்ல மதிப்பெண். முதல் பத்தியில் வேண்டாம்.

பின்சேர்க்கை 2

இரண்டு வேறு படிப்புகளுக்கு ஒரே கட்டுரையை அனுப்பலாமா என்று கும்பகோணத்து அக்கா ஒருவர் கேட்டார். கூடாது, ஆனால் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் இன்னொரு பல்கலைக்கழகத்தில் நீர் நிர்வாகம், கொள்கை சார்ந்த படிப்புக்கும் விண்ணப்பித்தேன். அங்கே கிணறு 60 சொற்களாகச் சுருங்கியது. முதல் கட்டுரையில் இடமே கிடைக்காத பாசன விவசாயிகளின் கூட்டம் 200 சொற்களுக்கு வளர்ந்தது: முறை வைத்துத் தண்ணீர் விட்டபோது மேல்மடைக்கும் கடைமடைக்கும் எத்தனை மணி நேரம் என்ற தகராறு, நான் எழுதிய நேரக் கணக்கை இரண்டு தரப்பும் ஏற்றது, அடுத்த முறை தண்ணீர் குறைந்தபோது அதே கணக்கு செல்லாமல் போனது. கஜா வாக்கியம் அந்தக் கட்டுரையில் தேவைப்படவே இல்லை.