1423 என்றால் 2 மணி 23 நிமிடம் அல்ல

விமானங்களுக்கான வானிலை அறிக்கை, பயணத் திட்டம் இரண்டிலும் ஒரே கடிகாரம்தான் ஓடும். அது UTC எனும் உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பிறகும் தவறு எங்கே வருகிறது? ஜனவரி 15 அதிகாலை 2.15-க்குச் சென்னையிலிருந்து டெல்லி கிளம்பும் விமானம் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். VIDP, அதாவது டெல்லி விமான நிலையத்துக்கு, உதாரணத்துக்காக நானே எழுதிய முன்னறிவிப்பு இது:

```
TAF VIDP 141700Z 1418/1600 00000KT 1500 BR NSC
 BECMG 1421/1423 0200 FG
```

முதலில் வரும் 141700Z-இல் ஆறு இலக்கம்: 14-ஆம் தேதி, 17 மணி, 00 நிமிடம். Z என்றால் UTC. அறிக்கை வெளியான நேரம் அது. அடுத்து வரும் 1418/1600-ஐத்தான் பலர் மணி, நிமிடம் என்று படித்துவிடுகிறார்கள். அது தேதியும் மணியும்: 14-ஆம் தேதி 18 மணி முதல் 16-ஆம் தேதி 00 மணி வரை. இங்கே நிமிடமும் இல்லை, Z-உம் இல்லை, குழப்பமே அதனால்தான். இதே அறிக்கையில் FM142130 என்று வந்தால் மட்டும் நிமிடமும் சேர்ந்துவிடும்.

சரி, மூடுபனி எப்போது? BECMG 1421/1423 என்றால் 14-ஆம் தேதி 21 மணிக்கும் 23 மணிக்கும் இடையில் பார்வைத் தொலைவு 200 மீட்டருக்கு இறங்கிவிடும், அதன்பின் அப்படியே நீடிக்கும். ஐந்தரையைக் கூட்டினால் 2.30 முதல் 4.30 வரை. ஆனால் தேதி 15. மணியை மாற்றிவிட்டுத் தேதியை அப்படியே விட்டால், அது நேற்றைய அதிகாலைப் பனி, முடிந்த கதை என்று தோன்றும். உண்மையில் இந்த விமானம் அதற்குள்ளேதான் போய் இறங்கப் போகிறது.

பயணத் திட்டத்திலிருந்து சில வரிகள், இதில் VOMM என்பது சென்னை:

```
-VOMM2045
-VIDP0235
-DOF/260114
```

2045 என்பது நிறுத்துமிடத்திலிருந்து நகரும் நேரம், UTC-யில். கீழே உள்ள 0235-ஐப் பார்த்ததும் இறங்கும் நேரம் என்று நினைக்கத் தோன்றும். அது பறக்கும் கால அளவு: 2 மணி 35 நிமிடம், அதுவும் மேலெழுந்ததிலிருந்து கணக்கு. ஓடுபாதைக்குப் போக 15 நிமிடம் என்று வைத்தால் 2335, நம் நேரப்படி அதிகாலை 5.05. பனி முழுதாகச் சூழ்ந்த பிறகு.

கடைசி வரியில் ஆண்டு, மாதம், நாள். டிக்கெட்டில் 15 என்று இருப்பதால் இங்கேயும் 15 போட்டால் திட்டம் மறுநாள் இரவுக்குப் போய்விடும். கிளம்ப அனுமதி கேட்கும்போது உங்கள் விமானத்துக்கு அன்று திட்டமே இருக்காது. இந்திய நேரப்படி நள்ளிரவு முதல் காலை 5.30 வரை கிளம்பும் எதற்கும் UTC தேதி ஒரு நாள் பின்னால்தான் இருக்கும். அந்த நேரத்துக்குள் கிளம்புகிறீர்கள் என்றால் மணியைத் தொடும் முன் தேதியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.