ஆண்டிறுதி மின்னஞ்சலைத் திருத்தி எழுதியபோது

சென்ற டிசம்பரில் மேலாளருக்கு நான் அனுப்பிய சுயமதிப்பீட்டு மின்னஞ்சலில் 14 பணிகளை அடுக்கி, "தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்" என்று முடித்திருந்தேன். "நன்றி" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வந்தது.

இந்த ஆண்டு, அனுப்பிய அஞ்சல்களை மாதவாரியாகப் புரட்டி மூன்று பணிகளை மட்டும் தேர்ந்தேன். "ஊதியப் பட்டியல் பணியை மேம்படுத்தினேன்" என்ற பழைய வரி, "வருகைப் பதிவுடன் ஒப்பிடும் எக்செல் தாளை நான் அமைத்த பின், 3 நாள் எடுத்த சரிபார்ப்பு ஜூலை முதல் ஒரே நாளில் முடிகிறது, வங்கிக் கோப்பைச் சரிபார்த்தவர் என் சக ஊழியர்" என்றானது. தவறிய இலக்கு ஒன்றையும் காரணத்துடன் எழுதினேன். அவருக்கு முன்பே தெரிந்ததை மறைத்து என்ன பயன்?

முக்கியமான மாற்றம் கேள்வியில்தான். "அடுத்த ஆண்டு காலாண்டு டிடிஎஸ் படிவத்தை நான் பொறுப்பேற்கலாமா, அல்லது புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கு முன்னுரிமை தர வேண்டுமா? முதலாவது எனில், என்னிடம் இன்னும் எது குறைகிறது?" என்று கேட்டேன். மதிப்பீடு முடிவாவதற்குப் பத்து நாள் முன்பே அனுப்பியதால், அவருக்கு யோசிக்க அவகாசம் இருந்தது.

இரண்டாம் நாள் வந்த பதில் எனக்கு முழுதும் இனிக்கவில்லை: முதல் காலாண்டில் மூத்தவருடன் அமர்ந்து கற்க வேண்டும், இரண்டாவதைத் தனியே செய்யலாம் என்றிருந்தது. அதையே என் இலக்காகப் பதிந்துகொண்டேன்.